யானை முதுகைத் தேடி ஒரு வருஷம்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவினபோது ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்பின நாள். ஏழு கோயில், 612 படம். முதல் கோயிலில் மட்டும் 240. கடைசிக் கோயிலில் பதினொன்று, அதில் மூன்று டீக்கடை. நடுவில் இருக்கிற படங்களில் எது எந்தக் கோயில் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஜிபிஎஸ் விவரத்தைப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்த்த ஒரு தூண்கூட மனசில் நிற்கவில்லை.

இது நடந்தது ஆறு வருஷம் முன்னாடி. அப்போது வேலை விஷயமாக மாசத்துக்கு இரண்டு தடவை தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொழிற்சாலைக் கட்டடங்கள், கன்டெய்னர் லாரிகள், கொஞ்சம் தள்ளி 2020இல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். கோயில் பார்க்க யாரும் தேடி வருகிற இடம் இல்லை. ஆனால் வரைபடத்தில் அந்த ஊரை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தெற்கே திருவொற்றியூர், மேற்கே திருத்தணி, வடமேற்கே ஆந்திர எல்லை தாண்டி குடிமல்லம். பழைய தொண்டை மண்டலத்தின் வடபாதி அப்படியே வட்டத்துக்குள் விழும். மூன்றுமே காலையில் கிளம்பினால் சாயந்திரத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரம். அதனால்தான் ஏழையும் ஒரே நாளில் பார்க்கிற பேராசை வந்தது.

அந்த 612 படத்துக்குப் பிறகு முறையை மாற்றினேன். ஒரு வருஷம் முழுக்க ஒரே ஒரு கேள்வி. கோயிலின் பின்சுவர் வளைந்திருக்கிறதா? வளைந்திருந்தால் ஏன்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியின் கதை.

கருவறையைச் சுற்றி வரும்போது பெரும்பாலான கோயில்களில் பின்பக்கம் தட்டையான சுவர்தான் இருக்கும். தரைத்திட்டம் சதுரமோ செவ்வகமோ. சில கோயில்களில் மட்டும் தெற்குச் சுவர் நேராக வந்து, பிறகு அரைவட்டமாக வளைந்து, வடக்குச் சுவரோடு சேரும். மேலே கூரையும் அதே மாதிரி பின்பக்கம் உருண்டு இறங்கும். பின்னாலிருந்து பார்த்தால் யானை நிற்கிற மாதிரியோ படுத்திருக்கிற மாதிரியோ தெரியும். இதைத்தான் தமிழில் தூங்கானை மாடம் என்கிறோம், சமஸ்கிருதத்தில் கஜபிருஷ்டம், அதாவது யானை முதுகு. பெண்ணாடம் கோயிலுக்கு தேவாரத்தில் பெயரே தூங்கானைமாடம்தான்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட மாமல்லபுரத்தில் காட்டிவிடலாம். ஐந்து ரதங்களில் நகுல சகாதேவ ரதம் இந்த வடிவம். அதன் பக்கத்திலேயே ஒற்றைக் கல்லில் ஒரு யானை நிற்கிறது. வடக்கு வாசல் வழியாக உள்ளே போகும்போது ரதத்தின் பின்புறமும் யானையின் பின்புறமும் ஒரே பக்கமாகத் தெரியும். இரண்டு கோட்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். "இதுதாம்பா இது" என்று சிற்பியே பக்கத்தில் படம் போட்டுக் காட்டின மாதிரி இருக்கும். அவர் அதற்காகத்தான் செய்தாரா என்பது வேற விஷயம், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, கலசங்களைப் பார்ப்பது. சதுரம், எட்டுப்பட்டை, வட்டம் என்று கூம்பி முடிகிற சிகரங்களில் உச்சி ஒரு புள்ளி, அதனால் ஒரே கலசம். தூங்கானை மாடத்தில் உச்சி ஒரு கோடு, வீட்டுக் கூரையின் முகடு மாதிரி. அதனால் கலசங்கள் வரிசையாக நிற்கும், பெரும்பாலும் ஒற்றைப்படையில். "அப்போ கோபுரத்திலும்தானே வரிசையாக நிற்கிறது?" என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் தடுக்கி விழுந்தேன். கோபுரத்துக் கூரை வண்டிக் கூண்டு மாதிரி, இரண்டு முனையிலும் வளைவான முகப்பு இருக்கும். தூங்கானை மாடத்தில் முன்முனையில் மட்டும்தான் முகப்பு, பின்முனை மூடி உருண்டுவிடும். ஆக, கலச வரிசையைப் பார்த்ததும் முடிவுக்கு வராமல், பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மேலே வளைவு தெரிந்தாலும் கீழே அடித்தளத்திலிருந்தே அந்த வளைவு வருகிறதா என்று குனிந்து பார்க்கணும். அடித்தளம் சதுரம், சிகரம் மட்டும் யானை முதுகு என்றால் அது வேற வகை.

சரி, முதல் கோயில். திருத்தணி என்றதும் எல்லோருக்கும் மலை மேல் முருகன்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது கீழே, நந்தி ஆற்றங்கரையில் இருக்கிற வீரட்டானேசுவரர் கோயில். சின்னக் கோயில். மலைக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருத்தர் இங்கே வந்தால் அதிகம். அடியிலிருந்து மேல் வரை கருங்கல், தூங்கானை மாடம். பல்லவர்களின் கடைசி அரசனான அபராஜிதவர்மன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், நம்பி அப்பி என்பவர் இதைக் கல்லால் கட்டினார் என்று அங்கேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. அதில் ஒரு வெண்பாவும் இருக்கிறது, அதைப் பாடியது அரசனே என்ற குறிப்போடு. ஒரு பேரரசு முடிகிற தறுவாயில் இருக்கும்போது ராஜா உட்கார்ந்து வெண்பா எழுதியிருக்கிறார்! புரொடக்‌ஷன் சர்வர் எரிந்துகொண்டிருக்கும்போது கவிதை எழுதுகிற மேனேஜரை நினைத்துக்கொண்டேன்.

இங்கே முதல் தடவை போனது தை மாசம், காலை ஏழரை மணிக்கு. நானே போட்டுக்கொண்ட விதி: ஒன்றரை மணி நேரம், முப்பது படம், தெற்குச் சுவர் மட்டும். ஏன் தெற்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு வருஷம் வீணான பிறகு நானாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது.

நம் ஊர் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. மார்கழி, தை மாசங்களில் சூரியன் தென்கிழக்கில் உதித்து, நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே போய், தென்மேற்கில் மறையும். கிழக்கு பார்த்த கோயிலில் அப்போது தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க வெயில், வடக்குச் சுவருக்குப் பொட்டு வெயில்கூட இல்லை. ஏப்ரல் 24 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வைகாசி, ஆனியில் கதை தலைகீழ், வடக்குச் சுவர்தான் வெளிச்சத்தில் இருக்கும். டெல்லியிலோ லண்டனிலோ இது நடக்காது, அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்குதான். புகைப்படப் புத்தகங்களில் "வடக்குச் சுவருக்கு நேரடி வெளிச்சம் கிடையாது" என்று எழுதியிருப்பதை நம்பி நான் ஏமாந்தது இதனால்தான்.

வெளிச்சம் விழுவது மட்டும் முக்கியம் இல்லை, எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். தை மாசக் காலையில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறக்குறைய இருபது டிகிரிதான் தெற்கே தள்ளியிருக்கும். அப்போது வெயில் தெற்குச் சுவரை நேராக அடிக்காது, உரசிக்கொண்டு போகும். உரசிப் போகிற வெயிலில்தான் தேய்ந்த கல்லில் நெக்லஸின் மணி, பூணூலின் புரி, கல்வெட்டின் எழுத்து எல்லாம் எழுந்து நிற்கும். பத்தரை மணிக்கு அதே கல் தட்டையாகிவிடும். அது மட்டுமில்லை, பதினொரு மணிக்கு மேல் வெளிப்பிராகாரக் கல்லில் செருப்பில்லாமல் நின்று சிற்பம் படிக்க முடியாது. கால் சுடும்போது மூளை "அடுத்த கோயிலுக்குப் போலாம்" என்று சொல்லும். நான் அதை ஆர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உள்ளங்கால்தான் பேசியிருக்கிறது.

ஆக ஒரு சுவருக்கு ஒரு பருவம். தெற்குச் சுவரைத் தையில் பார்த்தால் வடக்குச் சுவருக்கு ஆனி வரைக்கும் காத்திருக்கணும். இந்த இடைவெளியை நான் கொண்டுவரவில்லை, சூரியன் கொண்டுவந்தது.

திருத்தணியில் சுவரில் ஐந்து மாடங்கள், அதாவது கோட்டங்கள். தெற்கே முன்மண்டபப் பகுதியில் விநாயகர், அடுத்து கருவறையின் தெற்கில் தட்சிணாமூர்த்தி, பின்னால் வளைவில் விஷ்ணு, வடக்கே பிரம்மா, அதற்கு முன்னால் துர்க்கை. வலம் வருகிற வரிசை இது. இதை முதலில் மனப்பாடம் பண்ணிவிடுங்கள். ஏனென்றால் சிற்பத்தைப் படிக்கிறதில் முதல் படி ஆயுதமோ வாகனமோ இல்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் படி.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்தில். ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு சின்ன சிவன் கோயில், பெயர் வேண்டாம். வடக்குச் சுவரில் நின்ற கோலத்தில் ஒரு உருவம், பின் கைகளில் சங்கும் சக்கரமும். இடுப்பிலிருந்து கீழே பட்டுத் துணி சுற்றி, மேலே மாலை போட்டு மூடியிருந்தது. "வடக்குக் கோட்டத்தில் அபூர்வமான விஷ்ணு" என்று இங்கேயே பதிவு போட்டேன். இரண்டு நாளில் ஒரு மின்னஞ்சல். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். "தம்பி, துணியை நீக்கச் சொல்லிக் காலடியைப் பாத்தீங்களா? எருமைத் தலை இருக்கும். அது துர்க்கை. சங்கு சக்கரம் அவளுக்கும் உண்டு." அடுத்த வாரமே போனேன். குருக்கள் அபிஷேகத்துக்காகத் துணி மாற்றுகிற நேரம் வரைக்கும் காத்திருந்தேன். எருமைத் தலை, கொம்போடு, அவள் பாதத்துக்குக் கீழே. மார்புக் கச்சையும் தெரிந்தது. பதிவைத் திருத்தி, தப்பையும் கீழேயே விட்டு வைத்திருக்கிறேன்.

இடத்தை முதலில் பார்த்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது. சிவன் கோயிலில் கருவறைக்கு வடக்கே முன்மண்டபச் சுவரில் நிற்பது துர்க்கையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கு எதிரான சாட்சி கிடைத்தால்தான் வேறு பெயர். இடத்துக்குப் பிறகு நின்ற கோலமா இருந்த கோலமா, கை எத்தனை, பின் கைகளில் என்ன, காலடியில் என்ன, இந்த வரிசையில் பார்க்கிறேன். இன்றைக்கு வழிபாட்டில் இருக்கிற கோயில்களில் காலடி பெரும்பாலும் துணிக்குள் இருக்கும், முகம் எண்ணெயில் மொழுக்காகியிருக்கும். மிச்சம் இருப்பது இடமும் பின் கைகளும்தான். பின்சுவருக்கு மட்டும் விதி கொஞ்சம் இளகும். திருத்தணியில் அங்கே விஷ்ணு. சோழர் கோயில்கள் பலவற்றில் அதே இடத்தில் லிங்கோத்பவர், தீத்தூணிலிருந்து சிவன் வெளிப்படுகிற காட்சி. அதனால் பின்கோட்டத்தில் யார் என்று மட்டும் ஒரு தனிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வருகிறேன்.

திருத்தணியிலிருந்து வந்த பிறகு நாலு வாரம் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் படங்களைத் திறக்காமல், ஒரு தாளில் அந்தத் தெற்குச் சுவரை ஞாபகத்திலிருந்து வரைந்தேன். வரையத் தெரியாது, கோடுதான். தட்சிணாமூர்த்தி வந்தார். அவர் மேலே கூரை விளிம்பு எப்படி இருந்தது? வரவில்லை. அடித்தளத்தில் எத்தனை வரி? மூன்று போட்டேன், சந்தேகம். அந்த வெற்றிடங்கள்தான் அடுத்த தடவைக்கான கேள்வி. போய் வந்த அன்றைக்கே வரைந்தால் எல்லாம் ஞாபகம் இருக்கிற மாதிரி ஒரு மயக்கம் வரும். மூன்று வாரம் கழித்து வரைந்தால்தான் எது உள்ளே போனது என்று தெரிகிறது.

கோயில் பார்த்துச் சலித்துப்போவது பக்திக் குறைவோ ரசனைக் குறைவோ இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு ஆளிடம் காட்சிப் பொருட்களைப் பற்றிக் கேள்வி கொடுத்து, பதில் தேட அவர் எப்படியெல்லாம் குனிந்து நிமிர்ந்து எக்கிப் பார்க்கிறார் என்று புகைப்படம் எடுத்தார். உடம்பு படுகிற பாட்டை அப்படிக் காட்டினார். 1928இல் எட்வர்ட் ராபின்சன் என்ற உளவியல் பேராசிரியர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். நாற்காலியில் உட்காரவைத்து ஓவியப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னாலும், போகப் போகப் பார்க்கிற நேரம் குறைகிறது. கால் வலிக்காவிட்டாலும் சலிப்பு வரும், ஒரே மாதிரிப் பொருள் திரும்பத் திரும்ப வந்தாலே போதும். என் 240 - 11 கணக்கும் அதுதான். ஏழு கோயிலின் ஏழு தட்சிணாமூர்த்திகளில் நான்காவதை நான் பார்க்கவே இல்லை, கேமரா பார்த்தது.

இரண்டாவது கோயில் திருவொற்றியூர். சித்திரையில் போனேன். இங்கே கேள்வி சிற்பம் இல்லை, கட்டடத்தின் வயசு. ஆதிபுரீசுவரர் கருவறை தூங்கானை மாடம். பல்லவர் திருத்தணியில் கட்டின அதே யானை முதுகு. தேவாரம் பாடப்பட்ட தலம் வேறு. "ஆக இதுவும் பல்லவர் கட்டடம்" என்று என் குறிப்பேட்டில் தைரியமாக எழுதிவிட்டேன். பிறகு கல்வெட்டுகளைப் பற்றிப் படித்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் (1014 - 1044), அவனுடைய குரு சதுரானன பண்டிதர் சொல்லி, கருங்கல்லில் மூன்று நிலையாகக் கட்டப்பட்டது இந்த விமானம். கட்டின தச்சனின் பெயரும் இருக்கிறது, ரவி என்கிற வீரசோழத் தச்சன். கோயிலைக் கட்டின அரசன் பெயர் எங்கேயும் கிடைக்கும். கல் செதுக்கினவர் பெயர் கிடைப்பது அபூர்வம். அதையே தவற விட்டிருக்கிறேன்.

நான் செய்த தப்பு என்ன? வடிவத்தைப் பார்த்து வயசு சொன்னேன். அந்த ஆசிரியருக்கே எழுதிக் கேட்டேன். அவருடைய பதில் இரண்டு வரி. "வடிவம் பழசு தம்பி, கல்லு ராஜேந்திரனோடது. பழைய கோயிலைக் கல்லாக்கும்போது மூலவர் இடத்தையும் அதன் வடிவத்தையும் மாத்தத் தயங்குவாங்க." எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், கோட் முழுக்க மாற்றி எழுதியாச்சு, ஆனால் வெளியிலிருந்து கூப்பிடுகிற பெயர் பழையதுதான். பெயரைப் பார்த்து கோட் எழுதின தேதியைச் சொல்ல முடியுமா?

அதற்கப்புறம் ஒவ்வொரு கோயிலுக்கும் மூன்று தேதி எழுத ஆரம்பித்தேன். வடிவத்தின் வயசு, இப்போது நிற்கிற கல்லின் வயசு, அங்கே கிடைக்கிற மிகப் பழைய கல்வெட்டின் வயசு. கல்வெட்டும் ஏமாற்றும். பழைய கட்டடத்தைப் பிரித்துக் கட்டும்போது முந்தின கல்வெட்டுகளைப் படியெடுத்துத் திரும்ப வெட்டுவது உண்டு. கல்வெட்டுக் கல்லையே வேறு இடத்தில் செருகுவதும் உண்டு. வரி பாதியில் அறுந்து பக்கத்துக் கல்லில் தொடரவில்லை என்றாலோ, எழுத்து தலைகீழாக இருந்தாலோ, அந்தக் கல் இடம் மாறி வந்தது என்று அர்த்தம். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கூட இதைக் கண்டுபிடிக்கலாம்.

இந்த மூன்று தேதியும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதற்குத்தான் மூன்றாவது கோயில். ஆவணியில் ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகக் குடிமல்லம் போனேன். வழியில் நாகலாபுரத்து விஜயநகரக் கோபுரம் "இறங்கு இறங்கு" என்றது. இறங்கவில்லை. அந்த ஒரு நாளில் நான் செய்த ஒரே தவம் அதுதான்.

குடிமல்லத்துப் பரசுராமேசுவரர் கருவறையில் இருப்பது உலகம் அறிந்த லிங்கம். ஏறத்தாழ ஐந்தடி உயரம். அதன் முன்பக்கத்தில், குந்தியிருக்கிற ஒரு குள்ள உருவத்தின் தோள் மேல் சிவன் நிற்கிறார். ஒரு கையில் ஆட்டுக்கடா, இன்னொன்றில் கெண்டி, தோளில் மழு. கை இரண்டுதான். நாலு கையும் மானும் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது சிவன்தானா என்றே சந்தேகம் வரும். பொதுவாக இதற்குச் சொல்லப்படுகிற காலம் கி.மு. 2ஆம், 1ஆம் நூற்றாண்டு. சுற்றியிருக்கிற கல் கோயிலோ 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதி, விக்கிரம சோழன் காலத்தில் புதுப்பித்தது. நடுவில் ஆயிரத்துக்கு மேல் வருஷம். 1973இல் தொல்லியல் துறையின் ஐ.கே. சர்மா இங்கே அகழ்ந்தபோது, கல் கோயிலுக்கு முந்தின செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. அதுவும் பின்பக்கம் வளைந்த வடிவம்தான்.

கருவறை இங்கே முன்மண்டபத்தைவிடத் தாழ்ந்து இருக்கிறது. இறங்கித்தான் போகணும். அந்தப் பள்ளமே ஒரு சாட்சி. ஊர் மட்டம் உயர்ந்துகொண்டே போயிருக்கிறது, லிங்கத்தை மட்டும் யாரும் அசைக்கவில்லை. அதைச் சுற்றிக் கட்டினவர்கள் செங்கல்லில் கட்டினார்கள், பிறகு கல்லில் கட்டினார்கள், யானை முதுகை விடவில்லை. வளைவு ஏன் என்ற என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். கல்லில் அரைவட்டச் சுவர் எழுப்புவது வேலை மெனக்கெட்ட காரியம். ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்கு ஏற்பச் செதுக்கணும். செங்கல்லில் அது சுலபம், மூங்கிலை வளைத்துக் கூரை வேய்வதில் இன்னும் சுலபம். பாஜா, கார்லே குடைவரைகளில் பௌத்தர்கள் பாறையைக் குடைந்த பிறகும் கூரையில் நிஜ மர வளைவுகளையே பொருத்தி வைத்திருக்கிறார்கள். சமயம் எதுவாக இருந்தாலும், மூங்கிலும் மரமும் செங்கல்லும் பழகின காலத்து வடிவம் இது. ராஜேந்திரனின் தச்சன் ரவி அதைக் கல்லில் எடுத்தபோது அது ஏற்கெனவே ரொம்பப் பழைய வடிவம்.

நடுவில், ஆனி மாசத்தில், திருத்தணிக்குத் திரும்பப் போனேன். வடக்குச் சுவர், காலை ஏழு மணி. தையில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழலாகத் தெரிந்த பிரம்மாவுக்கு இப்போது மூன்று முகமும் தனித்தனியாக இருந்தது. வளைவில் நடந்தால் இன்னொரு வேடிக்கை. தட்டைச் சுவரில் உரசுகிற வெயில் ஒரு மணி நேரம்தான் நிற்கும். வளைந்த சுவரில் எந்த நேரத்திலும் எங்கேயோ ஒரு முழத்துக்கு அந்த வெயில் இருந்துகொண்டே இருக்கும், மெதுவாக நகரும். நின்ற இடத்திலேயே நின்று அது நகர்வதைப் பார்த்தால் போதும், சுவர் தன்னைத்தானே படித்துக் காட்டும்.

அன்றைக்கு என் தாளில் இருந்த கேள்வி அடித்தளத்தில் எத்தனை வரி என்பது. பொதுவாகக் கீழிருந்து மேலே உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. உபானம் தரையோடு ஒட்டின பலகை மாதிரி. ஜகதி நேர்ச் சுவர். குமுதம் உருண்டையாகவோ எட்டுப்பட்டையாகவோ புடைத்திருக்கும். கண்டம் உள்ளே ஒடுங்கின கழுத்து. பட்டிகை மேல் விளிம்பு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் அழகு ரசனையைத் தாண்டி ஒரு பிரயோஜனம் உண்டு. தரையைத் தொடும் இடத்தில் உபானம் இல்லாமல் நேராகக் குமுதமே தொடங்கினால், கீழே இரண்டு வரி மண்ணிலோ சிமென்டிலோ புதைந்திருக்கிறது என்று பொருள். நம் கல்வெட்டுகளில் பெரும் பங்கு இந்த ஜகதி, குமுத வரிகளில்தான் இருக்கிறது. பிராகாரத்தில் வழுவழு கல் பதிக்கிறோம் என்று தரையை ஒரு முழம் உயர்த்தினால் போகிறது அழகு இல்லை, ஆவணம்.

நான் மேலே சொன்ன, துர்க்கையை விஷ்ணு என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட கோயிலில் இதுதான் நடந்தது. முதல் தடவை எடுத்த படத்தில் ஜகதியில் இரண்டு வரி எழுத்து தெரிகிறது. அப்போது அதை நான் கவனிக்கவே இல்லை, மேலே அபூர்வ விஷ்ணுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாசம் போனபோது பளபளவென்று புதுத் தரை, குமுதம் தரையிலிருந்தே கிளம்புகிறது. அங்கே இருந்த பெரியவர் ஒருவரிடம் கீழே எழுத்து இருந்ததே என்று கேட்டேன். "இருந்துச்சுங்க. வழுக்கி விழறாங்கன்னு ஏத்திட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்ல அவருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. வயசானவர்கள் வழுக்கி விழுந்ததும் நிஜம்தான்.

இப்போது அந்த எழுத்துக்கு மிச்சம் என் படம் மட்டும்தான். சாய்வாக, பாதி நிழலில், துர்க்கையின் பட்டுத் துணி ஓரம் தெரிகிற மாதிரி. பெரிதாக்கிப் பார்த்ததில் இரண்டாவது வரியில் நாலைந்து எழுத்து பிடிபடுகிறது. அதை ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். தை மாசம் திருமுல்லைவாயில் போவதாக இருக்கிறது, அதுவும் தூங்கானை மாடம்தான். அங்கே முதலில் அடித்தளத்தின் கடைசி வரியைப் படம் எடுத்துவிட்டுத்தான் நிமிர்வேன்.